துபாய் போர்டிங் பாஸ் படம்: வரும்போது 5.30, போகும்போது 2.50. நிஜமா எத்தனை மணி நேரம் பயணம்?

பெரியபட்டினம்_உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம்.

எங்க வீட்டுக்காரங்க துபாயில வேலை பாக்குறாங்க. தை மாசம் லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போனாங்க. ரெண்டு தடவையும் போர்டிங் பாஸைப் படம் புடிச்சு எனக்கு அனுப்பியிருந்தாங்க. என் மகன் எட்டாவது படிக்கிறான். வாப்பா எத்தனை மணி நேரம் விமானத்துல உக்காந்திருந்தாங்கன்னு அந்தப் படங்களை வெச்சு கணக்குப் போட ஆரம்பிச்சான். படத்துல இருக்கிறது இதுதான்:

```
DXB 21:50  →  MAA 03:20
MAA 09:40  →  DXB 12:30
```

கழிச்சுப் பாத்தா வரும்போது 5 மணி 30 நிமிஷம், போகும்போது 2 மணி 50 நிமிஷம். அதே ரெண்டு ஊரு, அதே மாதிரி விமானம், ஆனா கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வித்தியாசம். நேர வித்தியாசம்னு ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். அதைக் கூட்டணுமா கழிக்கணுமான்னு கேட்டா வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இன்னொரு விஷயம். முதல் படத்துல தேதி இருக்கிற இடத்தைக் கட்டைவிரல் மறைச்சிருக்கு. 03:20-ல அந்த 3 கொஞ்சம் மங்கல், 8 மாதிரியும் தெரியுது. பையனுக்குச் சரியா சொல்லிக் குடுக்கணும், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

தொண்டி_கரைவலை

லாத்தா, ரொம்பச் சுலபம். துபாய் நம்மளவிட ஒண்ணரை மணி நேரம் பின்னாடி. அதனால வர்ற கணக்குல ஒண்ணரை மணியைக் கழிச்சிடுங்க. 5.30-ல 1.30 போனா 4 மணி நேரம். இதான் விடை. போற கணக்குக்கும் அதே மாதிரி கழிச்சிடுங்க.

---

ஏர்வாடி_டிராவல்ஸ்

அக்கா, 03:20-க்கு சென்னையில இறங்குறாங்கன்னா வண்டி அந்த நேரத்துக்கு நிக்கணும்னு அவசரப்படாதீங்க. இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிச்சு வெளிய வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நாலரைக்கு வண்டி நின்னாப் போதும். அங்கிருந்து ராமநாதபுரம் 500 கிலோமீட்டருக்கு மேல, மதியத்துக்குள்ள வந்துடலாம்.

---

பெரியபட்டினம்_உம்மா

தம்பி, அவங்க வந்துட்டுத் திரும்பியும் போயாச்சு. நான் கேக்கிறது பயண நேரத்தோட கணக்கு.

தொண்டிக்காரவங்களே, நீங்க சொன்ன மாதிரி போற கணக்குல கழிச்சா 2.50-ல 1.30 போக 1 மணி 20 நிமிஷம்தான் வருது. அவ்வளவு சீக்கிரமாவா துபாய் போவாங்க?

---

மண்டபம்_தரைப்பணி

தங்கச்சி, உங்க சந்தேகம் நியாயம்தான். நான் விமான நிலையத்துல தரைப்பணியில இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கணக்கு எங்களுக்கு அன்றாடம் வரும். தொண்டித் தம்பி வர்ற பயணத்துக்குச் சொன்னது சரி, போற பயணத்துக்குச் சொன்னது தப்பு. ஏன்னு பையனுக்குப் புரியணும்னா, 'கூட்டணுமா கழிக்கணுமா' என்கிற கேள்வியையே விட்டுடுங்க.

போர்டிங் பாஸ்ல இருக்கிற ரெண்டு நேரமும் ரெண்டு வேற கடிகாரத்துல பார்த்தது. புறப்படுற நேரம் புறப்படுற ஊர்க் கடிகாரம், இறங்குற நேரம் இறங்குற ஊர்க் கடிகாரம். ரெண்டு கடிகாரத்துல பார்த்ததைக் கழிச்சா வர்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. முதல்ல ரெண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவரணும். உங்க வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையே வெச்சுக்கோங்க.

வரும்போது: துபாயில 21:50-க்குக் கிளம்புறாங்க. அந்த நிமிஷத்துல பெரியபட்டினத்துல உங்க கடிகாரம் என்ன காட்டும்? ஒண்ணரை மணி கூட, அதாவது 23:20. சென்னையில இறங்குறது 03:20, இது நம்ம நேரம்தான், மாத்த வேண்டாம். ராத்திரி 11.20-லேர்ந்து விடியக்காலை 3.20 வரைக்கும் எண்ணினா 4 மணி நேரம்.

போகும்போது: சென்னையில 09:40, நம்ம நேரம், அப்படியே வைங்க. துபாயில இறங்குறது அவங்க கடிகாரத்துல 12:30. அப்போ உங்க சுவத்துல 14:00. காலை 9.40-லேர்ந்து பிற்பகல் 2 மணி வரைக்கும் 4 மணி 20 நிமிஷம்.

கவனிச்சுப் பாருங்க. ரெண்டு பயணத்துலயும் நாம செஞ்சது ஒரே வேலை: துபாய் நேரத்தை எடுத்து ஒண்ணரை மணி முன்னுக்குத் தள்ளினோம். அது ஒரு தடவை புறப்பாட்டுல வந்துச்சு, இன்னொரு தடவை இறங்குறதுல வந்துச்சு. அதனாலதான் ஒரு பக்கம் கழிச்ச மாதிரியும் மறுபக்கம் கூட்டின மாதிரியும் தெரியுது.

விடை சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு. சென்னைக்கும் துபாய்க்கும் நேர்க்கோட்டுல சுமார் 2,900 கிலோமீட்டர். பயணிகள் விமானம் உயரத்துல மணிக்கு 850, 900 கிலோமீட்டர் வேகத்துல போகும். ஏறுறது, இறங்குறது, ஓடுதளத்துல நகர்றது எல்லாம் சேர்த்தா நாலு மணி நேரத்தை ஒட்டி வரணும். 1 மணி 20 நிமிஷம்னா மணிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல பறக்கணும். அப்படிப் பறக்கிற பயணிகள் விமானம் இன்னைக்கு எந்த வழித்தடத்துலயும் கிடையாது.

---

பனைக்குளம்_மாணவி

அந்தப் படத்துல மேல பெரிய எழுத்துல 08:40-னு ஒண்ணு இருந்திருக்குமே? எங்க மாமா அனுப்புற பாஸ்ல எல்லாம் பெருசா ஒரு நேரமும் சின்னதா ரெண்டு மூணு நேரமும் இருக்கும். பெருசா இருக்கிறதுதான் புறப்படுற நேரம்னு நெனச்சுத்தான் நான் கணக்குப் போடுவேன்.

---

பெரியபட்டினம்_உம்மா

ஆமாம்மா, சென்னைப் பாஸ்ல 08:40 பெருசா இருக்கு. 09:40 அதுக்குக் கீழ சின்னதா இருக்கு. அதுக்கு நேரா DEP-னு போட்டிருந்ததால நான் அதை எடுத்தேன்.

---

மண்டபம்_தரைப்பணி

சரியான எண்ணைத்தான் எடுத்திருக்கீங்க. பெருசா இருக்கிறது போர்டிங் நேரம், அதாவது பயணியைக் கதவுக்கு வரச் சொல்ற நேரம். பயணி தவறவிடக் கூடாதது அதுதான் என்பதால அதைப் பெருசாப் போடுவாங்க. பயண நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. கதவு மூடுற நேரம்னு இன்னொண்ணும் இருக்கும், அதையும் விட்டுடுங்க. 08:40-ஐ எடுத்திருந்தா 5 மணி 20 நிமிஷம்னு வந்திருக்கும். போறதுக்கும் வர்றதுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல வித்தியாசம் வந்தாலே, எந்த நேரத்தை எடுத்தோம்னு திரும்பிப் பாக்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும். உங்ககிட்ட இருக்கிறது போன்ல வந்த பாஸ் போல, அதான் இறங்குற நேரமும் இருக்கு. கவுண்டர்ல அடிச்சுக் குடுக்கிற சின்னத் தாள்ல பெரும்பாலும் இறங்குற நேரம் இருக்காது. அப்போ டிக்கெட் மின்னஞ்சலைத்தான் பாக்கணும். தாளையே உத்துப் பாத்துப் பயனில்லை.

---

பெரியபட்டினம்_உம்மா

ரொம்ப நன்றி அண்ணே. தேதி மறைஞ்சதுக்கும் அந்த 3, 8 குழப்பத்துக்கும் என்ன செய்யலாம்? இறங்குறது மறுநாளா அதே நாளான்னு தெரியாம எப்படிக் கணக்குப் போடுறது?

---

மண்டபம்_தரைப்பணி

நிக்காம போற ஒரே விமானத்துக்குத் தேதியே வேண்டாம். இப்போ ஓடுற நேரடி விமானங்கள்லயே மிக நீளமானது சிங்கப்பூர்–நியூயார்க். அதுக்கே 19 மணி நேரத்துக்குள்ளதான் ஆகும். எந்த நேரடிப் பயணமும் 24 மணியைத் தாண்டாது. அதனால ரெண்டு நேரத்தையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்த பிறகு முள்ளை முன்னுக்கு நகர்த்திக்கிட்டே போங்க. 23:20-லேர்ந்து 03:20-ஐ முதல் தடவை தொடும்போது எத்தனை மணியோ அதுதான் விடை. நடுவுல பன்னிரண்டு தாண்டினா மறுநாள்னு தானாத் தெரிஞ்சிடும்.

நடுவுல ஊர் மாறி ஏறுற பயணத்துக்கு இது பொருந்தாது. அங்க காத்திருக்கிற நேரம் ஒரு நாளுக்கு மேலயும் போகலாம். அப்போ ஒவ்வொரு பாஸையும் தனியாப் போட்டுக் கூட்டணும். ஒரே விமான எண்ணுல நடுவுல ஒரு ஊர்ல நின்னு போறதும் உண்டு. அதுல தரையில நின்ன நேரமும் உள்ள வந்துடும். தூரத்துக்குப் பொருந்தாம ஒண்ணு ரெண்டு மணி கூட வந்தா அதைச் சந்தேகப்படலாம்.

மங்கலான எண்ணுக்கு வர்றேன். 03:20-ஆ இருந்தா 4 மணி நேரம். 08:20-ஆ இருந்தா 9 மணி நேரம். துபாய்லேர்ந்து சென்னைக்கு நேர் விமானம் ஒன்பது மணி நேரம் பறக்காது, ஆகவே 3-தான். மணி எண்ணுல வர்ற தப்பை இப்படித் தூரத்தை வெச்சுப் பிடிச்சிடலாம். நிமிஷத்தோட முதல் எண்ணு மங்கினாத்தான் கஷ்டம். 03:20-ஆ 03:50-ஆன்னு தெரியலைன்னா விடை 4 மணியா நாலரை மணியான்னு ரெண்டுமே நம்புற மாதிரி இருக்கும். அதுக்கு வேற படம்தான் கேக்கணும். கடைசி எண்ணு மங்கினா அவ்வளவு கவலை இல்லை, அட்டவணையில பெரும்பாலும் 0 அல்லது 5-லதான் முடியும்.

---

இழை மேற்பார்வை

ஒரு வேண்டுகோள். யாராவது பாஸ் படத்தை இங்கே ஏற்றுவதானால் பெயரையும், ஆறு எழுத்து முன்பதிவு எண்ணையும், கட்டம் கட்டமாக இருக்கும் பார்கோடையும் மறைத்துவிட்டு ஏற்றுங்கள். பெயரும் முன்பதிவு எண்ணும் அந்தப் பார்கோடுக்குள்ளேயே இருக்கின்றன. அவை இரண்டும் கிடைத்தால் வேறொருவர் உங்கள் முன்பதிவைத் திறந்து பார்க்க முடியும்.

---

உச்சிப்புளி_பொறியாளர்

அப்படின்னா பார்கோடுலயே புறப்படுற நேரமும் இறங்குற நேரமும் இருக்குமா? மங்கலான படமா இருந்தா அதை ஸ்கேன் பண்ணி எடுத்துடலாமே.

---

மண்டபம்_தரைப்பணி

இருக்காது தம்பி. ஊர்க் குறியீடுகள், விமான எண், இருக்கை எண், அதோட அந்த வருஷத்துல அது எத்தனையாவது நாள் என்கிற மூணு இலக்க எண். இவ்வளவுதான் முக்கியமா இருக்கும். ஜனவரி 20-ன்னா 020. தங்கச்சிக்குத் தேதி மறைஞ்சிருக்கே, அதைக் கண்டுபிடிக்க உதவும். மணி அதுக்குள்ள கிடையாது.

---

பாம்பன்_விசைப்படகு

நான் படிச்சது கம்மி. ஆனா இந்தக் கணக்குல எனக்கு ஒண்ணு தோணுது. ரெண்டு பாஸும் கையில இருக்கும்போது துபாய்க்கும் நமக்கும் எவ்வளவு வித்தியாசம்னே தெரிய வேண்டாமே? போறதுல ஒண்ணரை மணி குறைவாக் காட்டுது, வர்றதுல அதே ஒண்ணரை மணி கூடக் காட்டுது. ரெண்டையும் கூட்டினா அது அடிபட்டுப் போயிடும். 5.30-ம் 2.50-ம் கூட்டினா 8.20. பாதி 4 மணி 10 நிமிஷம். ஒரு தடவைக்குச் சராசரி அவ்வளவு.

நீரோட்டத்தை எதிர்த்துப் போயி அதோடவே திரும்பி வரும்போது நாங்களும் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கித்தான் தூரத்தைக் கணிப்போம்.

---

உச்சிப்புளி_பொறியாளர்

அண்ணே, அருமை. இதை யாரும் சொல்லிக் குடுக்கிறதில்லை. ஆனா மறுபக்கமும் செஞ்சு பாத்தேன். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துப் பாதியாக்கினா நேர மண்டல வித்தியாசம் கிடைக்கணும் இல்லையா? 5.30-ல 2.50 போக 2.40. பாதி 1.20. ஆனா நிஜம் 1.30. அந்தப் பத்து நிமிஷம் எங்க போச்சு?

விரிதாள்ல போடுறவங்களுக்கு ஒரு சூத்திரம். A2-ல புறப்பட்ட நேரம், B2-ல இறங்கின நேரம், C2-ல புறப்பட்ட ஊர் உலகப் பொது நேரத்துலேர்ந்து எத்தனை மணி முன்னாடி, D2-ல இறங்கின ஊருக்கு அதே. துபாய்க்கு 4, நமக்கு 5.5.

```
=MOD(B2-A2-(D2-C2)/24, 1)
```

கலத்தை நேர வடிவத்துக்கு மாத்தினா முதல் பாஸுக்கு 4:00, ரெண்டாவதுக்கு 4:20 வருது. MOD இருக்கிறதால நடுராத்திரி தாண்டுறதை அதுவே பாத்துக்கும். ஐயா சொன்ன அதே காரணத்தால 24 மணிக்குள்ள இருக்கிற பயணத்துக்குத்தான் செல்லும்.

---

மண்டபம்_தரைப்பணி

பத்து நிமிஷம் எங்கயும் போகலை தம்பி. போறதுக்கு 4.20, வர்றதுக்கு 4.00, ரெண்டும் சமமில்லை. அந்த 20 நிமிஷத்துல பாதி உங்க மண்டலக் கணக்குக்குள்ள கலந்துடுச்சு. அதனால பாம்பன்காரர் வழியில சராசரி நேரத்தை நம்பலாம், மண்டல வித்தியாசத்தை முழுசா நம்ப முடியாது. இங்கயே பாருங்க, 1.20-ஐக் கால் மணிக் கணக்குல சரிக்கட்டினா 1.15-னு தப்பா முடியும். நேபாளம் நம்மளவிடக் கால் மணி நேரம் முன்னாடி இருக்கிற நாடு. அந்த மாதிரி இடத்துக்கு இந்த வழி உதவாது.

---

தொண்டி_கரைவலை

அந்த 20 நிமிஷத்துக்குக் காரணம் நான் சொல்றேன். பூமி மேற்குலேர்ந்து கிழக்கா சுத்துது. துபாய்லேர்ந்து கிளம்பினதும் சென்னை... இல்ல, சென்னையிலேர்ந்து கிளம்பும்போது துபாய் விமானத்தைப் பாத்து நகருது. வரும்போது சென்னை விலகிப் போகுது. அப்போ போறதுதானே சீக்கிரம் ஆகணும்? பாஸ்ல தலைகீழா இருக்கு. எண்ணை மாத்திப் படிச்சிருக்காங்கன்னு நெனைக்கிறேன்.

---

மண்டபம்_தரைப்பணி

எண்ணு சரியாத்தான் இருக்கு தம்பி. பூமி சுத்தும்போது காத்தும் அதோட சேர்ந்துதான் சுத்துது, விமானம் அந்தக் காத்துலதான் மிதந்து போகுது. பூமி மட்டும் கீழ நழுவுறதா இருந்தா ஓடுதளத்துல நிக்கிற விமானம் தரையை விட்டு எழுந்த நொடியே மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பின்னாடி போயிருக்கணும். திசையால வித்தியாசம் வருதுங்கிற வரைக்கும் நீங்க சரி. காரணம், காத்து பூமியைவிடக் கொஞ்சம் வேகமாவோ மெதுவாவோ நகர்றது.

குளிர்காலத்துல வட இந்தியா, வளைகுடாப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துல மேற்குலேர்ந்து கிழக்கா பலமான காத்தோட்டம் இருக்கும். தை மாசப் பயணத்துல வரும்போது அது பின்னாலேர்ந்து தள்ளும், போகும்போது எதிர்க்கும். தங்கச்சி பையன் கண்டுபிடிச்ச 20 நிமிஷம் அந்தக் காத்துக்குப் பொருந்துற வித்தியாசம்.

---

பாம்பன்_விசைப்படகு

ஆடியில எங்களுக்குக் காத்து மேற்குலேர்ந்துதான் அடிக்கும். அப்போ விமானத்துக்கும் அப்படித்தானா?

---

மண்டபம்_தரைப்பணி

கடல் மட்டத்துல அப்படித்தான். ஆனா மழைக்காலத்துல தென்னிந்தியாவுக்கு மேல, விமானம் போற உயரத்துலயும் அதுக்கு மேலயும், காத்து எதிர்த்திசையில கிழக்குலேர்ந்து மேற்கா ஓடும். நீங்க படகுல பாக்குற காத்துக்கு நேர் மாறு. அதனால ஆடி, ஆவணியில போறதுக்கும் வர்றதுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கணும். ஆனா போர்டிங் பாஸ்ல அது அப்படியே தெரியும்னு சொல்ல மாட்டேன். அதுல இருக்கிறது அட்டவணை நேரம். அட்டவணையை அன்னைக்கு அடிக்கிற காத்துக்கு ஏத்தபடி மாத்த மாட்டாங்க. மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறுன்னு வருஷத்துக்கு ரெண்டு பருவம் வெச்சுப் போடுவாங்க.

---

பெரியபட்டினம்_உம்மா

அண்ணே, வீட்டுக்காரங்ககிட்ட போன்ல சொன்னேன். சென்னைக்கு வரும்போது விமானி மைக்ல 3 மணி 30 நிமிஷம்னு சொன்னதா அவங்களுக்கு ஞாபகம் இருக்காம். நாம 4 மணி நேரம்னு கண்டுபிடிச்சோம். எது சரி?

---

மண்டபம்_தரைப்பணி

ரெண்டும் சரியா இருக்கலாம். பாஸ்ல இருக்கிற புறப்பாடு, நிறுத்தின இடத்துலேர்ந்து விமானம் நகர ஆரம்பிக்கிற நேரம். இறங்குற நேரம்னு போடுறது சக்கரம் தரையைத் தொடுற நேரம் இல்லை, கடைசியா வந்து நிக்கிற நேரம். விமானி சொல்றது பொதுவாத் தரையை விட்டு எழும்பினதுலேர்ந்து தரையைத் தொடுற வரைக்கும். துபாய் மாதிரி பெரிய நிலையத்துல ஓடுதளத்துக்குப் போகவே கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். இந்தப் பக்கம் இறங்கி நிக்க இன்னொரு அஞ்சு பத்து நிமிஷம். மீதி, தாமதம் வந்தா சமாளிக்க அட்டவணையிலயே கொஞ்சம் தாராளமா விட்டு வைப்பாங்க.

பையன் முதல்ல கேட்ட கேள்வி 'விமானத்துல எத்தனை மணி நேரம் உக்காந்திருந்தாங்க'ன்னு. அதுக்கு 4 மணி நேரம்தான் பக்கத்துல வரும். 'வானத்துல எத்தனை மணி நேரம்'னு கேட்டா பாஸ் படத்துலேர்ந்து அதைச் சொல்லவே முடியாது.

---

உச்சிப்புளி_பொறியாளர்

இதுல நான் ஒத்துப்போகலை ஐயா. பயண நேரம்னா மக்கள் நினைக்கிறது பறக்கிற நேரத்தைத்தான். வழக்கமா அரை மணி நேரம் கழிச்சுச் சொல்லிடலாமே.

---

மண்டபம்_தரைப்பணி

எந்த நிலையம், எந்த நேரம்னு பாக்காம அரை மணியைக் கழிக்க எனக்கு மனசு வராது தம்பி. மதுரை மாதிரி சின்ன நிலையத்துல நகர ஆரம்பிச்ச அஞ்சு பத்து நிமிஷத்துல எழும்பிடும். படத்துல இருக்கிறதை வெச்சு என்ன சொல்ல முடியுமோ அதை மட்டும் சொல்றதுதான் முறை.

---

கீழக்கரை_லாத்தா

இந்தக் கணக்கைப் படிச்சிட்டு எங்க வாப்பாவோட பழைய பெட்டியைத் திறந்தேன். தலைமன்னார் கப்பல் நின்ன பிறகு அவங்க கொழும்புக்குத் திருச்சி வழியா விமானத்துலதான் போய் வருவாங்க. போர்டிங் பாஸ் அட்டையும் அதோட பின் பண்ணின பயணத் தாளும் இருக்கு. ஆகஸ்ட் 12, கொழும்பு 09:00, திருச்சி 09:25. வருஷம் இல்லை. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தானே? 25 நிமிஷத்துல கொழும்புலேர்ந்து திருச்சிக்கு வர முடியுமா? அச்சுப் பிழையா?

---

மண்டபம்_தரைப்பணி

அச்சுப் பிழை இல்லைம்மா. இலங்கைக்கும் நமக்கும் இப்போ ஒரே நேரம். ஆனா நடுவுல சில வருஷம் அப்படி இல்லை. 1996 மே மாசம் மின்சாரத் தட்டுப்பாட்டால கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வெச்சாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அரை மணியைக் குறைச்சாங்க. 2006 ஏப்ரல்லதான் திரும்ப நம்ம நேரத்துக்கு வந்தாங்க. நடுவுல இருந்த அந்தக் காலத்துல கொழும்பு நம்மளவிட அரை மணி நேரம் முன்னாடி.

உங்க தாளை அந்தக் கணக்குல போடுங்க. கொழும்பு 09:00-ன்னா நம்ம நேரம் 08:30. திருச்சி 09:25. பயணம் 55 நிமிஷம். சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு அது பொருத்தமா இருக்கு.

---

உச்சிப்புளி_பொறியாளர்

ஐயா, அது 1996 ஆகஸ்டா இருந்தா? அப்போ ஒரு மணி நேரம் முன்னாடி இல்லையா? 09:00-ன்னா நம்ம 08:00. பயணம் 1 மணி 25 நிமிஷம் ஆயிடுமே.

---

மண்டபம்_தரைப்பணி

நல்ல கேள்வி. 1 மணி 25 நிமிஷம் இந்தத் தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனா இறக்கை விசிறி வெச்ச சின்ன விமானமா இருந்திருந்தா அதையும் தள்ளிவிட முடியாது. 1997-லேர்ந்து 2005 வரைக்கும் ஏதோ ஒரு ஆகஸ்ட் என்கிறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். லாத்தா, அதே தடவை போன பயணத்தோட தாள் இருக்கா? திருச்சி–கொழும்பு எவ்வளவுன்னு பாருங்க. கடிகாரம் அரை மணி முன்னாடின்னா போனது 1 மணி 25 நிமிஷம் மாதிரி தெரியும். ஒரு மணி முன்னாடின்னா 2 மணி 25 நிமிஷம் மாதிரி தெரியும். பாம்பன்காரர் சொன்ன மாதிரி ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா வருஷம் தெரியாமலே சராசரி கிடைச்சிடும்.

---

கீழக்கரை_லாத்தா

போன தாள் பூச்சி அரிச்சிருக்கு. புறப்பட்ட நேரம் 06 வரைக்கும்தான் தெரியுது, நிமிஷம் இல்லை. இறங்கினது 08:05. பாஸ்போர்ட்டைத் தேடிப் பாக்குறேன், முத்திரையில வருஷம் இருக்கும்.

---

உச்சிப்புளி_பொறியாளர்

லாத்தா, அதுவே ஓரளவு போதும். 06:00-லேர்ந்து 06:55-க்குள்ள கிளம்பி 08:05-க்கு இறங்கினா கடிகார வித்தியாசம் 1 மணி 10 நிமிஷத்துக்கும் 2 மணி 5 நிமிஷத்துக்கும் நடுவுல. 2 மணி 25 நிமிஷம் அதுக்குள்ள வராது. ஒரு மணி முன்னாடின்னு வெச்சா வந்தது 1.25-ம் போனது அதிகபட்சம் 1.05-மா ஆகும். குட்டிப் பயணத்துக்கு அந்த வித்தியாசம் எனக்கு இடிக்குது. ஆகஸ்ட் 1996 இல்லைன்னு நினைக்கிறேன்.

---

மண்டபம்_தரைப்பணி

நானும் அந்தப் பக்கம்தான் சாய்றேன். ஆனா முத்திரையைப் பாத்துட்டுச் சொல்லுங்க லாத்தா.

---

தேவிபட்டினம்_ஆசிரியை

என் தங்கை மகன் லண்டன்ல இருக்கான். 2026 மார்ச் 29 காலை 05:30-க்குச் சென்னையில கிளம்பி அங்க 12:00-க்கு இறங்குற மாதிரி ஒரு விமானம்னு வெச்சுக்கோங்க. அன்னைக்குத்தான் அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைக்கிறாங்க. கிளம்பும்போது வித்தியாசம் 5.30, இறங்கும்போது 4.30. எதை எடுக்கணும்?

---

மண்டபம்_தரைப்பணி

டீச்சர், ஒவ்வொரு நேரத்தையும் அந்த நிமிஷத்துல அந்த ஊர்க் கடிகாரம் எப்படி இருந்ததோ அப்படி மாத்தணும். லண்டன் நேரம்னு பாஸ்ல இருக்கிறது இறங்குற நேரம் ஒண்ணுதான். அது இறங்கும்போது பாத்த கடிகாரம், அதனால 4.30. 12:00-ன்னா நம்ம நேரம் 16:30. காலை 5.30-லேர்ந்து மாலை 4.30 வரைக்கும் 11 மணி நேரம். கிளம்பினப்போ லண்டன்ல என்ன மணின்னு நாம கேக்கவே தேவையில்லை. 5.30 போட்டா 12 மணி நேரம்னு வரும். கெட்ட விஷயம் என்னன்னா, 12-ம் பாக்க நம்புற மாதிரியே இருக்கும், தூரத்தை வெச்சுப் பிடிக்க முடியாது. லண்டன் மாதிரி கடிகாரம் மாத்துற ஊர்ப் பாஸ்னா தேதி கட்டாயம் வேணும். தேதி வேண்டாம்னு நான் மேல சொன்னது கடிகாரம் மாத்தாத ஊருங்களுக்கு. துபாயிலயும் நம்ம ஊர்லயும் அந்த வழக்கம் கிடையாது.

---

பெரியபட்டினம்_உம்மா

மகன் எல்லாத்தையும் படிச்சிட்டான். அவன் கேக்கச் சொன்னது: பெரியப்பா அடுத்த மாசம் ஜித்தாவிலேர்ந்து வர்றாங்க, நடுவுல மஸ்கட்ல விமானம் மாறுறாங்க. ரெண்டு பாஸ் வரும். ரெண்டையும் தனித்தனியா நம்ம நேரத்துக்கு மாத்திட்டுக் கூட்டினாப் போதுமா, நடுவுல காத்திருக்கிறதுக்கு வேற கணக்கா?

---

மண்டபம்_தரைப்பணி

காத்திருக்கிறது ஒரே ஊர்ல, ஒரே கடிகாரத்துல. மஸ்கட்ல இறங்கின நேரத்தையும் மஸ்கட்ல கிளம்பின நேரத்தையும் அப்படியே கழிக்கலாம், மாத்த வேண்டாம். ஜித்தா நம்மளவிட ரெண்டரை மணி பின்னாடி, மஸ்கட் ஒண்ணரை மணி. ரெண்டு பாஸையும் தேதி தெரியுற மாதிரி படம் எடுக்கச் சொல்லுங்க, விரல் படாம.